நெருங்கிக்கொண்டே இருப்பவை

1, 3/2, 17/12, 577/408, 665857/470832.

ஐந்து எண்கள். அவ்வளவுதான் கையில்.

செய்முறை எளிது. கையில் இருக்கும் எண்ணால் 2-ஐ வகு. வந்த ஈவையும் அந்த எண்ணையும் கூட்டிப் பாதியாக்கு. அதுதான் அடுத்த எண். 1-இல் தொடங்கினால், 1-ஐயும் 2-ஐயும் கூட்டிப் பாதி 3/2. அடுத்து 3/2-ஐயும் 4/3-ஐயும் கூட்டிப் பாதி 17/12. இப்படியே போகலாம், நிறுத்தத் தேவையில்லை.

இது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் சற்று நேரம் மறந்துவிட வேண்டும். போகும் இடம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே கேள்வி.

எண்களை மட்டும் பார்ப்போம். அடுத்தடுத்த எண்களுக்கு இடையே எவ்வளவு தூரம்?

3/2-இலிருந்து 17/12-க்கு 1/12.

17/12-இலிருந்து 577/408-க்கு 1/408.

577/408-இலிருந்து அடுத்ததற்கு 1/470832.

தூரத்தின் பகுதியில் நிற்பது அடுத்த எண்ணின் பகுதியேதான். தொகுதி ஒவ்வொரு முறையும் 1. பிசிறே இல்லை. ஏன் இவ்வளவு சுத்தமாக வருகிறது?

17-இன் வர்க்கம் 289. 12-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 288. 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 332928. ஒவ்வொரு படியிலும் ஒன்றே ஒன்று மிச்சம்.

பின்னம் p/q என்றால் அடுத்தது (p² + 2q²)/2pq. இதன் தொகுதியை வர்க்கப்படுத்தி, பகுதியின் வர்க்கத்தை இரட்டித்துக் கழித்தால் கிடைப்பது (p² − 2q²)². முதல் எண்ணான 1/1-இல் அந்த வித்தியாசம் −1. அதை வர்க்கப்படுத்தினால் 1. பிறகு என்றென்றும் 1. அந்த ஒன்றுதான் தூரத்தின் தொகுதியிலும் வந்து உட்கார்கிறது: p/q-இலிருந்து அடுத்ததைக் கழித்தால் 1/2pq.

577/408 பௌதாயன சுல்ப சூத்திரத்தில் இருக்கிறது. பின்னமாக எழுதவில்லை, கூட்டலாகச் சொல்லியிருக்கிறார்கள்: ஒன்று, அதோடு மூன்றில் ஒரு பங்கு, அந்த மூன்றில் ஒன்றில் நான்கில் ஒரு பங்கு, அதிலிருந்து அதன் முப்பத்து நான்கில் ஒரு பங்கைக் கழி. கூட்டிப் பார்த்தால் 577/408. வேள்விக்குச் செங்கல் அடுக்கியவர்களுக்கு அது போதும். அடுத்த பின்னத்துக்குப் போகும் தேவை அவர்களுக்கு வரவில்லை.

இனி ஒரு கணக்கு. 577/408-இல் நிற்கிறோம். இதற்கு மேல் வரப்போகும் எண்கள் அனைத்தும் சேர்ந்து எவ்வளவு தூரம் நகர முடியும்?

முதல் நகர்வு 1/470832. அதற்கடுத்தது 1/627013566048. ஒவ்வொரு நகர்வும் முந்தியதில் பாதிக்கும் மிகக் குறைவு. பாதி பாதியாகக் குறைந்தால்கூட மொத்தம் முதல் நகர்வின் இரண்டு மடங்கைத் தாண்டாது. ஆகவே 2/470832-க்குள் எல்லாம் அடக்கம். கோடி படி போனாலும் சரி.

எங்கே போய்ச் சேரும் என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் இதைச் சொல்லிவிட்டோம். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

வழக்கமான வரையறைக்கு எல்லை முதலில் வேண்டும். 'இந்தத் தொடர்முறை L-ஐ நோக்கிக் குவிகிறது' என்று சொல்ல, L யார் என்று தெரிந்திருக்க வேண்டும். கோஷியின் நிபந்தனைக்கு அது வேண்டாம். உறுப்புகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும்.

நிபந்தனையை நிதானமாக எழுதிக்கொள்கிறேன். எவ்வளவு சின்ன ε கொடுத்தாலும் (நேர் எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்), ஏதோ ஓர் இடம் N உண்டு. அந்த இடத்திலிருந்து எந்த இரண்டு உறுப்புகளை எடுத்தாலும் அவற்றின் தூரம் ε-க்குள்.

எந்த இரண்டும். பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் மட்டுமல்ல.

இந்த இடத்தில்தான் வழுக்குகிறது.

√1, √2, √3, √4... பத்து லட்சமாவது உறுப்பு 1000. அடுத்த உறுப்பு ஏறத்தாழ 1000.0005. பக்கத்து வித்தியாசம் பத்தாயிரத்தில் ஐந்து. இன்னும் போகப் போக இன்னும் குறையும், பூச்சியத்தை நோக்கிப் போகும். ஆனால் நாற்பது லட்சமாவது உறுப்பு 2000. ஒவ்வோர் அடியும் சிறுத்துக்கொண்டே வருகிறது, நடையோ நிற்கவில்லை.

வரம்புக்குள் இருந்தால் நிற்குமா? அதுவும் இல்லை. √n-இன் சைனை எடுத்துக்கொள்ளலாம். −1-க்கும் 1-க்கும் வெளியே போகாது. பக்கத்து வித்தியாசம் பூச்சியத்தை நோக்கிப் போகும். ஆனால் இரண்டு கரைக்கும் இடையே மேலும் மேலும் சோம்பலாக, முடிவில்லாமல் போய்வந்துகொண்டே இருக்கும்.

1 + 1/2 + 1/3 + 1/4 + ... எல்லோரும் காட்டும் உதாரணம். கூட்டுவது குறைந்துகொண்டே போகிறது. 10-ஐத் தாண்ட 12367 உறுப்புகள் வேண்டும். ஆனாலும் n உறுப்பு வரை உள்ள கூட்டலையும் 2n வரை உள்ளதையும் ஒப்பிட்டால் இடையில் n உறுப்புகள், ஒவ்வொன்றும் 1/2n-க்குக் குறையாது. ஆகவே வித்தியாசம் அரைக்குக் குறையாது. n எதுவானாலும் அரை. ε-ஆக அரையைக் கொடுத்தால் N கிடைக்காது. முடிந்தது.

இதே வாதத்தைப் பதினான்காம் நூற்றாண்டில் ஒரேம் செய்துவிட்டார். கோஷியும் 1821-இல் தன் பாடநூலில் எடுத்துக் காட்டுகிறார். பக்கத்து உறுப்பு போதாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கூட்டலைக் கணினியில் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களால் செய்தால் ஒன்று நடக்கும். மொத்தம் ஏறத்தாழ 15.4036-இல் நின்றுவிடும். எத்தனை கோடி உறுப்புகளைக் கூட்டினாலும் அசையாது.

காரணம் இதுதான். 8-க்கும் 16-க்கும் இடையே அந்த வகை எண்கள் 1/1048576 இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளியில் பாதியைவிடச் சின்னதைக் கூட்டினால், விடை பழைய எண்ணுக்கே முழுமையாக்கப்படும். 1/n அந்த அளவுக்கு இறங்குவது n 2097152 ஆகும்போது. அந்த இடத்தில் உண்மையான மொத்தம் 15.13 அளவுதான். நின்ற இடமும் சரியில்லை, நின்றதும் சரியில்லை.

'முந்தியதற்கும் இதற்கும் வித்தியாசம் இவ்வளவுக்குக் குறைந்தால் நிறுத்து' என்று நிரல் எழுதுபவர்கள் பலர். பல முறைகளுக்கு அது வேலையும் செய்யும். மேலே உள்ள வகுத்துக் கூட்டிப் பாதியாக்கும் முறைக்குப் பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே மிச்ச நகர்வு முழுவதையும் முதல் நகர்வு கட்டுப்படுத்துகிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. சோதிக்க ஒரு வழி: n-ஆவதை n+1-ஆவதோடு ஒப்பிடாமல் 2n-ஆவதோடு ஒப்பிட வேண்டும். அது நிரூபணம் ஆகாது, ஆனால் இந்தக் கூட்டல் போன்ற ஆசாமிகள் அகப்பட்டுக்கொள்வார்கள். எண்களின் துல்லியம் தீர்ந்துபோவதற்குள் செய்ய வேண்டும் என்பதும் முக்கியம். தீர்ந்த பிறகு 2n-உம் அதே 15.4036-தான்.

மறுபடியும் அந்த ஐந்து எண்கள். எல்லாம் பின்னங்கள், அதாவது விகிதமுறு எண்கள். ஒன்றையொன்று கண்மண் தெரியாமல் நெருங்குகின்றன. பின்னங்களின் உலகத்தில் இவற்றுக்கு எல்லை உண்டா?

இருந்தால் அதன் வர்க்கம் 2 ஆக வேண்டும். ஏனென்றால் p/q-இன் வர்க்கம் 2-ஐ மிஞ்சுவது 1/q² மட்டும். q பெருகப் பெருக அது ஒன்றுமில்லாமல் போகிறது.

சுருக்கிய பின்னம் a/b-இன் வர்க்கம் 2 என்றால் a² = 2b². a இரட்டைப்படை. a-ஐ 2c என்று எழுதினால் b² = 2c². b-உம் இரட்டைப்படை. சுருக்கிய பின்னம் என்று தொடங்கினோமே. ஆகவே இல்லை.

இந்த நிரூபணம் 'இல்லை' என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு இல்லை என்றும் கேட்கலாம்.

a-உம் b-உம் முழு எண்கள். a² − 2b² பூச்சியம் ஆகாது என்றால் அது குறைந்தது 1 (அல்லது −1). ஆகவே எந்தப் பின்னத்தின் வர்க்கமும் 2-இலிருந்து குறைந்தது 1/b² தள்ளியே இருக்கும். பகுதி நூறு கோடி உள்ள பின்னம் வந்து 'நான்தான் எல்லை' என்றால், அதன் வர்க்கம் 2-இலிருந்து 1/10¹⁸ அளவாவது தள்ளி நிற்கிறது. தொடர்முறை ஒரு கட்டத்தில் அதைவிட நெருக்கமாகப் போய்விடும். உரிமை கோரி வரும் ஒவ்வொரு பின்னத்துக்கும் எவ்வளவு தூரத்தில் தோற்றது என்று எண்ணாகவே சொல்லி அனுப்பலாம்.

அந்த ஐந்து பின்னங்களில் 3/2-இலிருந்து எல்லாவற்றின் வர்க்கமும் ஒரே பக்கம், 2-க்கு மேல். அதே சமயம் ஒவ்வொரு வர்க்கமும் 1/b² என்ற அந்தக் குறைந்தபட்சத் தூரத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பின்னத்தால் இதைவிட ஒட்டி உட்கார முடியாது.

பாரிஸ், 1821. எகோல் பாலிடெக்னிக் மாணவர்களுக்காகக் கோஷி வெளியிட்ட பகுப்பாய்வுப் பாடநூல். ஆறாம் அதிகாரம், முடிவிலித் தொடர்கள். தொடர் குவிந்தால் அதன் பகுதிக் கூட்டல்கள் ஒன்றையொன்று நெருங்கும் என்று காட்டுகிறார். எளிது. பிறகு மறுதலை: அவை நெருங்கினால் தொடர் குவிவது உறுதி. நிரூபணம் இல்லை. ஒரு வாக்கியம், அடுத்த விஷயம்.

நெடுநேரம் அந்த வாக்கியத்தைப் பற்றி யோசித்தேன். நிரூபிக்க அவருக்கு நேரமில்லை என்பதல்ல விஷயம். நிரூபிக்க வேண்டிய பொருளே அப்போது யாரிடமும் இல்லை. மெய்யெண் என்றால் என்ன என்று எழுதி வைக்கப்படவில்லை. கோஷியின் நூலிலேயே விகிதமுறா எண் என்பது அதை மேலும் மேலும் நெருங்கும் பின்னங்களின் எல்லை என்று வருகிறது. எல்லை இருப்பதற்கு எண் வேண்டும், எண் இருப்பதற்கு எல்லை வேண்டும்.

பிராகில் போல்சானோ நான்கு ஆண்டுகள் முன்பே, 1817-இல், இதே நிபந்தனையை எழுதிவிட்டார். அவர் நிரூபிக்கவும் முயன்றார். அப்படி ஓர் எண் இருப்பதாகக் கொள்வதில் முரண்பாடு ஏதும் இல்லை, அதை வேண்டிய அளவு துல்லியமாகக் கண்டறியலாமே என்பது வாதத்தின் சாரம்.

வேண்டிய அளவு துல்லியமாகக் கண்டறியலாம். பின்னங்களின் உலகத்திலும் இதே வாக்கியம் உண்மைதான்.

டெடிகிண்ட் 1858-இல் சூரிச்சில் முதல்முறையாக வகை நுண்கணிதத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கிறார். ஏறிக்கொண்டே போகும், ஆனால் வரம்பு தாண்டாத ஓர் அளவுக்கு எல்லை உண்டு என்று சொல்ல வேண்டிய இடம் வருகிறது. கோடு போட்டுக் காட்டித்தான் நம்பவைக்க முடிகிறது. அதில் அவருக்கு நிம்மதியில்லை. விடை கிடைத்த நாளைக் குறித்து வைத்திருக்கிறார்: 24 நவம்பர் 1858. அச்சேறியது 1872-இல். அந்தச் சிறு நூலில் √2-ஐ √3-ஆல் பெருக்கினால் √6 என்பது அதுவரை உருப்படியாக நிரூபிக்கப்பட்டதே இல்லை என்று எழுதுகிறார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுதும் வரி.

பதினான்கு ஆண்டுகள் ஒரு விடையைப் பெட்டிக்குள் வைத்திருந்த பொறுமை.

இனி நிரூபணம். மெய்யெண்களிடம் ஒரே ஒரு சலுகைதான் கேட்கிறது: மேல் வரம்பு உள்ள, வெறுமையாக இல்லாத எந்தக் கணத்துக்கும் மேல் வரம்புகளிலேயே மிகச் சிறியது ஒன்று உண்டு. பாடப்புத்தகம் அதை மீச்சிறு மேல் எல்லை என்கிறது.

கையில் கோஷி தொடர்முறை, உறுப்புகள் a₁, a₂, a₃... ஒரு கணம் S கட்டுகிறேன். x என்ற எண்ணுக்கு இடப்புறம் உறுப்புகள் எண்ணி முடிக்கக்கூடிய அளவே விழுந்தால், x S-இல் உண்டு. முடிவில்லாமல் விழுந்தால் இல்லை.

ஒரு ε எடுக்கிறேன். அதற்கு உரிய N கிடைக்கிறது. a_N-ஐச் சுற்றி இருபுறமும் ε. N-க்குப் பிறகு வரும் உறுப்புகள் எல்லாம் இந்த வேலிக்குள்தான்.

a_N − ε: இதற்கு இடப்புறம் விழ முடிந்தவை முதல் N உறுப்புகளுக்குள் இருப்பவை மட்டுமே. எண்ணி முடிக்கலாம். ஆகவே இது S-இல் உண்டு. S வெறுமையில்லை.

a_N + ε: இதற்கோ இதைவிடப் பெரிய எண்ணுக்கோ இடப்புறம் N-க்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் விழுகின்றன. முடிவில்லை. ஆகவே அப்படிப்பட்ட எதுவும் S-இல் இல்லை. S-க்கு இது மேல் வரம்பு.

சலுகையைக் கேட்கும் நேரம். S-இன் மீச்சிறு மேல் எல்லை s. அது a_N − ε-க்கும் a_N + ε-க்கும் இடையே மாட்டிக்கொண்டது.

N-க்குப் பிறகு எந்த உறுப்பும் a_N-இலிருந்து ε-க்குள். a_N, s-இலிருந்து ε-ஐத் தாண்டாது. ஆகவே எந்த உறுப்பும் s-இலிருந்து 2ε-க்குள். ε எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம். S-ஐக் கட்டும்போது ε வரவே இல்லை, அதனால் s எல்லா ε-க்கும் அதே s. குவிந்தது.

அந்தக் கடைசி விஷயத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். ε மாறும்போது N மாறும், வேலி மாறும். s மாறாது.

இதே நிரூபணத்தைப் பின்னங்களின் உலகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன், அந்த ஐந்து எண்களில் தொடங்கும் தொடர்முறையை வைத்தே. S கட்டலாம்: எதிர் எண்கள், பூச்சியம், வர்க்கம் 2-க்குக் குறைந்த நேர் பின்னங்கள். வெறுமையில்லை. மேல் வரம்பு உண்டு, 3/2 போதும். ஒவ்வொரு வரியும் அப்படியே நிற்கிறது. மீச்சிறு மேல் எல்லையைக் கேட்கும் வரி மட்டும் நிற்கவில்லை.

நிற்கவில்லை என்பதைக் கண்ணால் பார்க்கலாம். 577/408 'நானே மிகச் சிறிய மேல் வரம்பு' என்கிறது. செய்முறையை அதன்மேல் ஒருமுறை ஓட்டினால் 665857/470832. அதுவும் மேல் வரம்பு, அதைவிடச் சிறியது. கீழே இருந்து 7/5 வந்து கேட்கிறது. 2-ஐ 7/5-ஆல் வகுத்தால் 10/7. இரண்டையும் கூட்டிப் பாதி 99/70. 2-ஐ அதனால் வகுத்தால் 140/99. 140-இன் வர்க்கம் 19600, 99-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 19602. ஆகவே 140/99-உம் S-இல் உண்டு, 7/5-ஐவிடப் பெரியது. 7/5 மேல் வரம்பே இல்லை.

தொடர்முறையை உண்டாக்கிய அதே செய்முறைதான் வந்து கேட்பவரையெல்லாம் விரட்டுகிறது.

1872, ஹாலே. கான்டோர் முக்கோணவியல் தொடர்களைப் பற்றிய ஒரு கட்டுரை எழுதுகிறார். நடுவில் சில பக்கங்களில் மெய்யெண்களையே கட்டிவிடுகிறார். பின்னங்களாலான தொடர்முறை கோஷி நிபந்தனைக்கு உட்பட்டால் அதற்கு b என்ற எல்லை உண்டு என்று சொல்வோம் என்கிறார். அந்த b தொடக்கத்தில் வெறும் குறி. அதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருப்பதாக அவர் சொல்லவில்லை.

டெடிகிண்ட் தன் நூலுக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தபோது இந்தக் கட்டுரை அவர் கைக்கு வந்தது. முன்னுரையில் அதைச் சொல்லி நன்றியும் சொல்கிறார். பிரான்சில் மெரே 1869-இலேயே தொடர்முறைகளை வைத்து இதே வழியில் போயிருந்தார்.

எல்லையைத் தேடுவதை விட்டுவிட்டார்கள். தொடர்முறையே எண்.

ஒரு சிக்கல். ஒரே இடத்துக்கு எத்தனையோ தொடர்முறைகள் போகின்றன. 1.4, 1.41, 1.414... ஒன்று. நம்முடைய ஐந்து எண்கள் தொடங்கிவைத்தது இன்னொன்று. முதலாவது கீழே இருந்து ஏறுகிறது, இரண்டாவது 3/2-க்குப் பின் மேலே இருந்து இறங்குகிறது. உறுப்புக்கு உறுப்பு கழித்தால் வித்தியாசம் பூச்சியத்தை நோக்கிப் போகிறது. அப்படிப்பட்ட இரண்டும் ஒரே எண் என்று முடிவு செய்தார்கள்.

0.9, 0.99, 0.999... ஒரு தொடர்முறை. 1, 1, 1... இன்னொன்று. வித்தியாசம் 0.1, 0.01, 0.001... 'ஒன்றா, ஒன்றுக்கு ஒரு மயிரிழை குறைவா' என்று பிள்ளைகள் சண்டை போடும் கேள்விக்கு இந்தக் கட்டுமானத்தில் சண்டையே இல்லை.

√2-ஐ √3-ஆல் பெருக்குவதும் இங்கே எளிது. இரண்டு தொடர்முறைகளையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கு. வர்க்கங்கள் 2-ஐயும் 3-ஐயும் நெருங்குகின்றன, பெருக்கியதன் வர்க்கம் 6-ஐ நெருங்குகிறது. √6-க்கு உரிய எந்தத் தொடர்முறையோடும் வித்தியாசம் பூச்சியத்துக்குப் போகும்.

ஆனால் ஒரு பயம் வரவேண்டும். பின்னங்களில் ஓட்டைகள் இருந்தன, தொடர்முறைகளால் அடைத்தோம். இப்போது கிடைத்த புது எண்களைக் கொண்டு கோஷி தொடர்முறை எழுதினால்? அதற்கு எல்லை எங்கே? இன்னொரு மாடி கட்ட வேண்டுமா?

வேண்டாம். புது எண்களின் கோஷி தொடர்முறை r₁, r₂, r₃... r₁-க்கு 1 தூரத்துக்குள் ஒரு பின்னத்தைப் பொறுக்கு. r₂-க்கு 1/2-க்குள் ஒன்று. r₃-க்கு 1/3-க்குள் ஒன்று. எப்போதும் கிடைக்கும். பொறுக்கிய பின்னங்களின் தொடர்முறையும் கோஷி நிபந்தனைக்கு உட்படும், ஏனென்றால் r-கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, பின்னங்கள் r-களை நெருங்குகின்றன. அந்தப் பின்னத் தொடர்முறை ஏற்கெனவே ஒரு புது எண். அதுவே எல்லை. முதல் மாடியிலேயே வேலை முடிந்துவிட்டது.

'நெருக்கம்' என்பதை வேறு விதமாக அளந்தால் வேறு எண்கள் கிடைக்கும். வித்தியாசம் 2-இன் பெரிய அடுக்கால் வகுபட்டால் நெருக்கம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1, 3, 7, 15, 31... ஒன்றையொன்று நெருங்குகின்றன. 15-க்கும் 31-க்கும் வித்தியாசம் 16. அடுத்தது 32. எல்லை −1, ஏனென்றால் ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் 2-இன் அடுக்கு. ஹென்சல் 1897-இல் திறந்த வாசல். இதே பின்னங்கள், இதே நிபந்தனை, ஆனால் ஓட்டைகள் வேறு இடங்களில்.

N.

நிபந்தனையில் 'ஏதோ ஓர் இடம் N உண்டு' என்று வருகிறதே, அதைப் பற்றி.

ஐந்து எண்களின் விஷயத்தில் N-ஐக் கையால் கண்டுபிடிக்கலாம், மேலே கண்டோம். எப்போதும் முடியுமா?

எர்ன்ஸ்ட் ஸ்பெக்கர், 1949. கருத்து இப்படிப் போகிறது. எல்லாக் கணினி நிரல்களையும் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிடு. n-ஆவது படியில், முதல் n நிரல்களையும் n அடி ஓட்டிப் பார். k-ஆவது நிரல் அதற்குள் நின்றுவிட்டால் 1/2ᵏ-ஐக் கூட்டிக்கொள். கிடைக்கும் மொத்தம் a_n.

ஒவ்வொரு a_n-உம் பின்னம். யாரும் கணக்கிடலாம். இறங்கவே இறங்காது. 1-ஐத் தாண்டாது. ஏறி வரம்புக்குள் நிற்பதால் கோஷி தொடர்முறை. ஆகவே எல்லை உண்டு.

ε-ஆக 1/2ᵏ கொடுத்து, அதற்கு N எது என்று சொல்லும் செய்முறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். N-ஐ k-க்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளலாம். k-ஆவது நிரலை N அடி ஓட்டிப் பார்க்கிறோம். அதற்குள் நிற்கவில்லை என்றால் இனி நிற்கவே நிற்காது. பின்னால் எப்போதாவது நின்றால் மொத்தம் 1/2ᵏ எகிறிவிடுமே, N-க்குப் பிறகு அவ்வளவு தூரம் எகிறக் கூடாதே. ஆக, எந்த நிரல் நிற்கும், எது நிற்காது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லும் பொதுச் செய்முறை கிடையாது என்று டூரிங் 1936-இலேயே காட்டிவிட்டார்.

N உண்டு. N-ஐக் கண்டுபிடிக்கச் செய்முறை இல்லை.

மீச்சிறு மேல் எல்லையைக் கேட்ட வரி இதையெல்லாம் விசாரிக்கவில்லை. 'உண்டு' என்றது, எடுத்துக்கொண்டோம்.

எரெட் பிஷப் 1967-இல் வெளியிட்ட நூலில் மெய்யெண்ணை வேறு மாதிரி எழுதுகிறார். m-ஆவது உறுப்புக்கும் n-ஆவது உறுப்புக்கும் தூரம் 1/m + 1/n-ஐத் தாண்டக் கூடாது, அப்படிப்பட்ட பின்னத் தொடர்முறைதான் மெய்யெண். ε-உம் N-உம் தனியாக வேண்டாம். நூறாவது உறுப்பு என்றால் எல்லையிலிருந்து நூறில் ஒன்றுக்குள் என்று அந்த உறுப்பின் எண்ணே சொல்லிவிடும். ஸ்பெக்கரின் தொடர்முறையிலிருந்து உறுப்புகளைப் பொறுக்கி எடுத்து இந்த நிபந்தனைக்குள் அடக்க எந்தச் செய்முறையாலும் முடியாது.